செக் கிளியர் ஆகிவிட்டது என்று நம்பி ஏமாறாதீர்கள்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, வீட்டிலிருந்து செய்யும் வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். போன மாதம் ஒரு தம்பி செல்போனைக் காட்டி, "செக் கிளியர் ஆகிடுச்சு அண்ணா, மிச்சத்தை இன்னைக்கே அனுப்பச் சொல்றாங்க" என்றான். நான் ஏமாந்த அன்றும் இதையேதான் சொன்னேன். வேலை தருவதாகச் சொல்லி போலி செக் அனுப்பி, அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கும் மோசடி இது. எழுத்துப்பிழை நிறைந்த மெயில், சாட்டிலேயே முடியும் நேர்காணல் போன்ற அடையாளங்கள் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, செக் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

திரையில் தெரியும் தொகையைப் பணம் என்று எடுத்துக்கொள்வது

வேலைக்கான சாமான்கள் வாங்கச் சொல்லி அவர்கள் எனக்கு அனுப்பிய செக் 2,950 டாலர். லேப்டாப்பும் பிரிண்டரும் வாங்க 1,200 போதும். கணக்காளர் தவறுதலாகக் கூடுதலாக எழுதிவிட்டார், மீதி 1,750-ஐ Zelle என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். திங்கட்கிழமை செக்கைப் போட்டேன். புதன்கிழமை முழுத்தொகையும் 'Available' என்று காட்டியது. அனுப்பிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை செக் திரும்பியது. வங்கி 2,950-ஐயும் எடுத்துக்கொண்டது. என் சொந்தப் பணம் 600 இருந்த கணக்கில் மைனஸ் 1,150. அதற்கு மேல் அபராதக் கட்டணம் வேறு.

இது எப்படி நடக்கிறது? செக் போட்டவரைக் காக்கவைக்கக் கூடாது என்று 1987-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பெரும்பாலான செக்குகளின் பணத்தை வங்கி ஓரிரு வேலைநாட்களில் எடுக்க விட்டாக வேண்டும். அது செக் எழுதிய கணக்கிலிருந்து வந்த பணமல்ல, வங்கி முன்கூட்டிக் கொடுப்பது. செக் போலி என்று தெரிய சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். பல போலி செக்குகளில் உண்மையான ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். அந்தக் கம்பெனி தன் கணக்கைப் பார்த்து, இது நாங்கள் எழுதியதல்ல என்று சொல்லும் வரை எல்லாம் சரியாகவே தெரியும். மோசடிக்காரர்கள் "இன்னைக்கே அனுப்புங்க" என்று நெருக்குவது அந்த இடைவெளிக்காகத்தான்.

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். "கிளியர் ஆயிடுச்சா?" என்று கவுன்ட்டரில் கேட்டேன், "ஆமாம்" என்றார்கள். அவர்கள் சொன்னது, எடுக்கலாம் என்ற பொருளில். "செக் எழுதிய வங்கி பணம் கொடுத்துவிட்டதா? இனி திரும்பாதா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

செக்கில் அச்சிட்ட எண்ணுக்கே போன் செய்து விசாரிப்பது

அந்த போனை எடுப்பது மோசடிக்காரர்களின் ஆளாகவே இருக்கலாம். செக்கில் பெயர் உள்ள வங்கியின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள்.

வங்கியே எழுதித் தரும் கேஷியர்ஸ் செக் என்றால் பயமில்லை என்பது

அதையும் போலியாக அச்சடிக்கிறார்கள்.

செக்கைப் போட்ட பிறகு சும்மா இருப்பது

தம்பி இன்னும் பணம் அனுப்பியிருக்கவில்லை. அன்றே வங்கிக்குப் போய், செக் மேல் சந்தேகம் இருக்கிறது என்று சொல்ல வைத்தேன். வந்த கவரையும் மெசேஜ்களையும் பத்திரப்படுத்தி, அமெரிக்க அரசின் reportfraud.ftc.gov தளத்தில் புகார் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் செக் திரும்பியது. தொகை முழுவதும் தொடாமல் கிடந்ததால் அவன் கணக்கிலிருந்து போனது கட்டணம் மட்டும்தான்.