வளர்ச்சி நூற்றுமானத்தை நீங்களே கணக்கிடும் முறை

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் சென்ற ஆண்டு 420 மதிப்பெண்ணும் இந்த ஆண்டு 450 மதிப்பெண்ணும் பெற்றார். இரண்டாமவர் 520இலிருந்து 535க்கு வந்தார். கூடுதலை மட்டும் பார்த்தால் முதலாமவரே அதிகம் முன்னேறியவர். ஆனால் 420 அளவில் தொடங்கிய பிள்ளைகள் பொதுவாக எவ்வளவு ஏறினார்கள் என்பது தெரியாமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. வளர்ச்சி நூற்றுமானம், அதாவது வளர்ச்சி பெர்சன்டைல், இந்த ஒப்பீட்டையே செய்கிறது.

முதலில், இரு ஆண்டுத் தேர்வுகளையும் எழுதியவர்களை மட்டும் எக்செல் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுத் தேர்வை எழுதாதவர் பட்டியலில் இருந்தால் வகுக்கும் எண் பெருகி, அவர் அளவில் தொடங்கியவர்களின் நூற்றுமானம் குறைந்துவிடும்.

அடுத்து, மாணவரின் பழைய மதிப்பெண்ணை நடுவில் வைத்து ஒரு பட்டையை அமையுங்கள். முதலாமவருக்கு 416 முதல் 424 வரை என்று வைத்தால், அவரையும் சேர்த்து 40 பேர் வருகிறார்கள் என்க. அவர்களில் இந்த ஆண்டு 450க்குக் கீழே இருப்பவர்கள் 13 பேர். சரியாக 450 பெற்றவர்கள், அவர் உட்பட, 2 பேர். சமமாக உள்ளவர்களில் பாதியைச் சேர்த்தால் 14. அதை 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 35. பழைய மதிப்பெண் B பத்தியிலும் புதியது C பத்தியிலும் இருந்தால், எக்செல் சூத்திரம் இது:

```
=100*(COUNTIFS(B:B,">=416",B:B,"<=424",C:C,"<450")
+0.5*COUNTIFS(B:B,">=416",B:B,"<=424",C:C,450))
/COUNTIFS(B:B,">=416",B:B,"<=424")
```

இரண்டாமவருக்கு 516 முதல் 524 வரையிலான பட்டையிலும் 40 பேர் இருந்து, 27 பேர் 535க்குக் கீழும் 2 பேர் சமமாகவும் இருந்தால், விடை 70. பாதிக் கூடுதலே பெற்றவர், தம்மைப் போலத் தொடங்கியவர்களிடையே மேலே நிற்கிறார். 35 என்பது மதிப்பெண் அல்ல. முதலாமவர் வளரவில்லை என்றும் அதற்குப் பொருளில்லை.

பட்டையின் அகலத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அதை மிகக் குறுக்கி 8 பேரே எஞ்சினால், ஒருவர் இடம் மாறினாலே விடை 12.5 புள்ளி நகரும். மிக அகட்டினால், 400இல் தொடங்கியவரும் 440இல் தொடங்கியவரும் ஒரே கூட்டமாகி ஒப்பீடே பொருளற்றதாகும். எல்லா மாணவர்களுக்கும் கணக்கிட்டபின், நூற்றுமானத்தைப் பழைய மதிப்பெண்ணோடு வரைபடமாக்கிப் பாருங்கள். ஏறக்குறைய எந்தத் தொடக்க அளவிலும் சராசரி 50ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு முனையில் தொடர்ந்து விலகினால், அங்கே பட்டை பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் பயன்படுத்தும் முறையில், டேமியன் பெட்டபென்னர் உருவாக்கியபடி, பட்டைக்குப் பதிலாக நூற்றுமானத் தொடர்புப் போக்கு என்ற புள்ளியியல் முறை மூலம் பழைய மதிப்பெண்கள் பலவற்றையும் கணக்கில் சேர்த்து 1 முதல் 99 வரை எண் தருகிறார்கள். அதிலும் சராசரி 50ஐ ஒட்டியே அமைவதால், மாநிலம் முழுவதும் கற்றல் தேங்கினாலும் இந்த எண் அதைக் காட்டாது. அதை அறிய மதிப்பெண்களின் போக்கைத் தனியே பார்த்தாக வேண்டும்.