முதுகோடு முதுகு: ஆத்தங்குடிக் கல்லை வாயால் சொல்லி வரைய வைப்பது

ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் பார்க்காமல் வரைய வேண்டும். முதல் ஆட்டத்துக்கு வீடு, மரம் போன்ற படங்கள் வேண்டாம். "வீடு" என்று சொன்னதுமே கேட்பவர் தன் மனசில் இருக்கும் வீட்டை வரைந்துவிடுவார். காரைக்குடிப் பக்கத்தில் தரையைக் குனிந்து பார்த்தாலே நல்ல படம் கிடைக்கும். ஆத்தங்குடிக் கல்லில் வருவது போன்ற கோட்டு வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைத் தயார் செய்வது எளிது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று வரையுங்கள். நான்கு மூலைகளையும் மையமாக வைத்து, 5 செ.மீ. ஆரத்தில் மூலைக்கு ஒரு கால் வட்டம் போடுங்கள். நடுவில் நான்கு முனை நட்சத்திரம் தானாக விழும். அதன் நட்ட நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம். அவ்வளவுதான்.

இருவரும் வளவில் முதுகு ஒட்டி உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் திறந்த முற்றத்தில் குரல் கலைந்துவிடும். வரைபவருக்கு அட்டை, தாள், பென்சில், அளவுகோல் போதும். ரப்பர் கொடுக்காதீர்கள், எங்கே தடுமாறினார் என்ற தடம் அழிந்துபோகும்.

முதல் சுற்று 5 நிமிஷம். வரைபவர் வாயே திறக்கக் கூடாது. சொல்பவர் "வாசல் பக்கம்" என்று சொல்லக் கூடாது. அவருக்குத் தாளின் மேல் ஓரம் வாசல் பக்கம் இருந்தால், முதுகைக் காட்டி உட்கார்ந்தவருக்குக் கீழ் ஓரம்தான் அந்தப் பக்கம். தாளின் மேல், கீழ், இடது, வலது மட்டுமே சொல்லலாம்.

பெரும்பாலும் இங்கேதான் கோளாறு வரும்: "நாலு மூலையிலும் கால் வட்டம் போடு." வரைந்ததைத் திருப்பிப் பார்த்தால் சதுரத்துக்குள் ஒரே முழு வட்டம் இருக்கும். வரைந்தவர் மேல் தப்பில்லை. வளைவு எந்தப் பக்கம் புடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர் மூலையை நோக்கிப் புடைக்க விட்டார், நாலும் சேர்ந்து வட்டமாகிவிட்டது. சில தாளில் மூலைக்கு மூலை சின்னதாக நாலு வளைவு ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். அங்கே விட்டுப்போனது அளவு.

ஆகவே எந்த வளைவுக்கும் மூன்று சேதி வேண்டும்: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் புடைக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மேல் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வை. இடது கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வை. இரண்டையும் வளைவாகச் சேர். வளைவின் வயிறு சதுரத்தின் நடுவைப் பார்க்கட்டும்."

இரண்டாம் சுற்றில் வேறு கல், ஆளும் மாறி உட்காருங்கள். இப்போது வரைபவர் பேசலாம், ஆனால் "ம்", "சரி" இரண்டும் கூடாது. புரியாதபோதும் அவை தானாக வந்துவிடும். கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பிறகே பென்சிலை வைக்க வேண்டும்: "வயிறு நடுவைப் பார்க்கணும், மூலையை இல்ல, அப்படித்தானே?"

முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, பிசகிய இடத்துக்கு என்ன வாக்கியம் சொன்னோம் என்று திரும்பச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை வைத்து இரண்டு விதமாகவும் வரைய முடியும் என்றால், திருத்த வேண்டியது வாக்கியத்தைத்தான்.