ஒன்-டு-ஒன்னை ரத்து செய்துகொண்டே இருந்த மேலாளர் குழுவிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி?

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் பதவிக்குப் புதியவர். தலைமையகம் லண்டனில். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு அரை மணி நேர ஒன்-டு-ஒன், அதாவது மேலாளருடன் தனிச் சந்திப்பு. ஆனால் மாதக்கணக்கில் 3.45-க்கு "சாரி, இன்னைக்கு முடியல" என்ற செய்திதான் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அவருக்கே உறுத்துகிறது.

படி 1: முதலில் கணக்கெடுங்கள்

நினைவை நம்பி மன்னிப்புக் கேட்காதீர்கள். ரத்து செய்தவருக்கு "ரெண்டு மூணு தடவை" என்றுதான் தோன்றும். காத்திருந்தவருக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கும். அவுட்லுக்கில் ரத்தான சந்திப்பு உங்கள் கேலண்டரிலிருந்து போய்விட்டாலும், அனுப்பிய அறிவிப்பு Sent Items-ல் இருக்கும். அங்கே இப்படித் தேடுங்கள்:

```
subject:cancel
```

சாட்டில் சொல்லி ரத்து செய்தவை இதில் வராது, அவற்றையும் தேடிச் சேருங்கள். யாருக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஆள்வாரியாக எழுதுங்கள். பெரும்பாலும் வாயே திறக்காத ஒருவரின் பெயர்தான் அதிகம் வரும். சத்தமாகக் கேட்கிறவரின் சந்திப்பு எப்படியோ நடந்துவிடுகிறது.

படி 2: மணியைப் பாருங்கள்

இந்த மேலாளரின் பட்டியலில் எல்லாமே நாலு மணிக்குச் சற்று முன்னால். காரணம் சோம்பலோ அலட்சியமோ அல்ல. சிங்கப்பூரில் மாலை 4 என்றால் லண்டனில் காலை 8, அங்கே கோடைநேரம் என்றால் 9. அவர்கள் மடிக்கணினியைத் திறந்ததும் முதல் அழைப்பு இங்கேதான் வருகிறது. அந்த நேரத்தில் ஒன்-டு-ஒன் வைத்தால் அது ரத்தாகத்தான் செய்யும்.

ஆகவே மன்னிப்புக்கு முன்னாலேயே சந்திப்புகளைக் காலை 10-க்கு மாற்றிவிடுங்கள். லண்டன் அப்போது நல்ல தூக்கத்தில் இருக்கும். ஏழு பேரையும் இரண்டு வாரத்தில் பார்க்க முடியவில்லை என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளுங்கள். நடக்காத பதினைந்து நாள் சந்திப்பைவிட நடக்கிற இருபத்தொரு நாள் சந்திப்பு மேல்.

படி 3: அதிகம் பாதிக்கப்பட்டவரிடம் தனியாக

குழுவுக்கு மொத்தமாக அனுப்பும் முன் இதைச் செய்யுங்கள். நம் குழுவில் ஒருவருக்குத் தொடர்ந்து மூன்று முறை ரத்தாகியிருக்கிறது. அவர் பேச நினைத்தது வேலைநேர மாற்றம் பற்றி: பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அரை மணி தாமதமாகத் தொடங்கலாமா என்று. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் பற்றி அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளின்படி, எழுத்துமூலம் முறையாகக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் எழுதவே இல்லை. "நேர்ல பேசிட்டு எழுதலாம்னு இருந்தேன்" என்கிறார். அப்படியானால் அந்தக் கெடு இன்னும் தொடங்கவே இல்லை. ரத்தான அரை மணி நேரங்களின் உண்மையான விலை இதுதான்.

அவரிடம் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்:

"உங்க சந்திப்பை மூணு தடவை கடைசி நேரத்துல ரத்து பண்ணிட்டேன். உங்க விஷயம் அதனாலதான் தள்ளிப்போச்சு. மன்னிச்சிடுங்க. இன்னைக்கே எழுதி அனுப்புங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்."

"பரவால்லங்க" என்பார். மேலதிகாரியிடம் வேறென்ன சொல்வார்? அதை மன்னிப்பு கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் வெள்ளிக்கிழமை வந்ததா என்பதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். இன்னொன்று, இந்த மன்னிப்பை அவருடைய ஒன்-டு-ஒன் நேரத்தில் கேட்காதீர்கள். கோப்பிக் கடைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் போதும்.

படி 4: குழுவுக்கு ஒரு செய்தி

பல இனத்தவர் உள்ள குழு என்றால் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"கடந்த மூன்று மாதத்தில் பதினான்கு ஒன்-டு-ஒன்களை ரத்து செய்திருக்கிறேன், பெரும்பாலானவை தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது. தயாராகி வந்த உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன், மன்னிக்கவும். அடுத்த திங்கள் முதல் எல்லாம் காலை 10 மணிக்கு. தவிர்க்க முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லி, அதே வாரத்தில் வேறு நேரம் தருவேன்."

லண்டன் அழைப்பு, வேலைப்பளு எதையும் இதில் சேர்க்காதீர்கள். குழுவுக்கு அது ஏற்கெனவே தெரியும், எழுதினால் சாக்காகத்தான் படும். "இனி ஒருபோதும் ரத்தாகாது" என்றும் எழுதாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளே அந்த வாக்கு உடைந்துவிடும்.

படி 5: முதல் சில சந்திப்புகள்

பலர் பேச ஒன்றுமில்லை என்பார்கள். எப்படியும் ரத்தாகும் என்று தயாரிப்பதையே விட்டிருப்பார்கள். "வேறேதாவது?" என்று கேட்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடாமல், "ரத்தான சந்திப்புல என்ன கேக்கலாம்னு இருந்தீங்க?" என்று கேளுங்கள். சிலர் அதைத் தாங்களே ஏதோ செய்து முடித்திருப்பார்கள். அப்படியென்றால் எப்படி முடித்தார்கள் என்று கேட்டு, உங்கள் அனுமதி தேவைப்பட்டிருந்தால் அதை அங்கேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.