ஆய்வேட்டுப் பத்தியைத் திருத்துவது: யார், என்ன செய்தார்?

கண்மாய்ப் பாசனம் பற்றிய ஆய்வேட்டில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரிக்காக நானே எழுதியது.

"பாரம்பரிய நீர் மேலாண்மைச் செயல்பாடுகளின் சிதைவுறுதல் என்பது சமூகக் கட்டமைப்பு சார்ந்த மாற்றங்களின் விளைவாக நிகழ்ந்துள்ளமை களஆய்வின் வாயிலாக அறியப்படுகிறது. மடைத் திறப்பு முறைப்படுத்தப்படாமையானது கடைமடை விவசாயிகள் மீது பாதிப்பை ஏற்படுத்தும் தன்மை கொண்டதாக உள்ளது."

முதலில் பென்சிலை எடுத்து, பத்தியில் வரும் மனிதர்களை வட்டமிடுங்கள். விவசாயிகள் மட்டும்தான் கிடைப்பார்கள். அவர்களும் எதையும் செய்யவில்லை, பாதிக்கப்படுகிறார்கள். அடுத்து, வினைகள் ஒளிந்திருக்கும் பெயர்ச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: சிதைவுறுதல், மாற்றங்கள், திறப்பு, முறைப்படுத்தப்படாமை. ஒவ்வொன்றையும் பார்த்து "யார் செய்தது?" என்று கேளுங்கள்.

பதில் பத்தியில் கிடைக்காது, களக்குறிப்பேட்டில்தான் இருக்கும். வார்த்தையை மட்டும் எளிதாக்கி இந்த இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். 'கட்டமைப்பு சார்ந்த மாற்றங்கள்' என்பதை 'சமூக மாற்றங்கள்' என்று சுருக்கினாலும் என்ன மாறியது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. நம் குறிப்பேட்டில் நீர்க்கட்டி என்ற பாசனப் பணியாளரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கொள்வோம். அப்போது பத்தி இப்படி மாறும்:

"இக்கண்மாயின் மடையைத் திறந்து அடைத்து, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. அறுவடையில் அவருக்குக் கொடுத்துவந்த நெல்லை விவசாயிகள் நிறுத்தியதால் அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இப்போது மடைக்கு அருகில் நிலம் உள்ளவர்கள் முதலில் பாய்ச்சிக்கொள்கிறார்கள். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை."

மடை, கடைமடை, நீர்க்கட்டி ஆகிய சொற்களை அப்படியே விட்டிருக்கிறேன். அவை துறைச்சொற்கள்; ஒவ்வொன்றும் ஒரு பொருளை, ஓர் இடத்தை, ஓர் ஆளைச் சரியாகச் சுட்டுகிறது. புதிய வாசகருக்காக முதல் முறை வரும்போது விளக்கினால் போதும், நீர்க்கட்டிக்கு முதல் வாக்கியமே விளக்கமாகிவிட்டது. ஆனால் 'தன்மை கொண்டதாக உள்ளது' எதையும் சுட்டவில்லை, அதனால் போய்விட்டது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. தெளிவாக எழுதும்போது, கையில் உள்ள சான்றைவிட அழுத்தமாகச் சொல்லிவிடுவோம். 'நிறுத்தியதால்' என்ற சொல்லைப் பாருங்கள். நெல் நின்றதுதான் காரணம் என்று அது அடித்துச் சொல்கிறது. மூன்று விவசாயிகள் மட்டுமே அப்படிச் சொல்லியிருந்தால், "நெல் நின்றதால்தான் அவர் போனார் என்று மூன்று விவசாயிகள் கூறினர்" என்று எழுதுங்கள். 'எனலாம்', 'தோன்றுகிறது' போன்ற சொற்களை நீக்கும் முன்பும் சான்றைப் பாருங்கள். சில இடங்களில் அவை உண்மையாகவே தேவை.

செயப்பாட்டு வினையையும் அடியோடு துரத்த வேண்டாம். கரையை உயர்த்தியது யார் என்று எந்த ஆவணத்திலும் இல்லையென்றால், 'கரை பின்னாளில் உயர்த்தப்பட்டது' என்பதே நேர்மையான வாக்கியம்.

மற்ற பத்திகளுக்கு, கோப்பில் Ctrl+F அழுத்தி 'படுகிறது', 'தன்மை', 'வாயிலாக' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மூன்றும் நெருக்கமாகக் கிடைக்கும் பக்கத்திலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.