[4, −∞] என்று எழுதிய பிழையை நான் திருத்திய விதம்

இடைவெளிக் குறியீட்டை முதன்முதலில் கற்றபோது, 3 − 2x ≥ −5 என்ற அசமன்பாட்டைத் தீர்த்து x ≤ 4 என்று சரியாகவே கண்டறிந்த நான், விடையை [4, −∞] என்று எழுதிவிட்டேன். அதில் இரண்டு பிழைகள் இருந்தன.

முதலாவது, வரிசை. 4 என்ற எண்தான் கண்ணில் பட்டதால் அதை முன்னே எழுதியிருந்தேன். ஆனால் சிறிய முனை எப்போதும் இடப்புறம்தான் வர வேண்டும். அன்றுமுதல், எழுதும் முன் ஓர் எண்கோடு வரைந்து, விடைப் பகுதியை நிழலிட்டு, அதை இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகினேன். இங்கே நிழல் இடக்கோடியில் எல்லையின்றி நீண்டு, வலப்புறம் 4-இல் நிற்கிறது, ஆகவே விடை (−∞, 4].

இரண்டாவது, அடைப்புக்குறி. சதுர அடைப்பு, அந்த முனையில் உள்ள எண்ணும் விடையில் சேரும் என்று பொருள்படும். −∞ என்பது மெய்யெண் அன்று. எல்லையில்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே. சேர்ப்பதற்கு அங்கே எண்ணே இல்லாததால், முடிவிலியின் பக்கம் எப்போதும் வளைந்த அடைப்புதான்.

4-இன் பக்கம் எது வரும் என்று ஐயம் எழுந்தால், மனப்பாடத்தை நம்பாமல் அந்த எண்ணையே பிரதியிட்டுப் பார்க்கிறேன். 3 − 8 = −5; −5 ≥ −5 என்பது உண்மை, எனவே முனை மூடியது. கேள்வியில் ≥ என்பதற்குப் பதிலாக > இருந்திருந்தால் −5 > −5 பொய்யாகி, விடை (−∞, 4) என்று திறந்திருக்கும். அப்போது 3.999 உள்ளே இருக்கும், 4 மட்டும் இருக்காது.