படுக்கை நனைவது இரவில், காரணம் பகலில்

எட்டு வயதாகியும் பிள்ளை படுக்கையை நனைத்தால் வீட்டில் முதலில் விழுவது திட்டு. அடுத்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது என்ற உத்தரவு. இரண்டும் வேண்டாம். அசந்து தூங்கும்போது நடப்பதைப் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியும் விழிப்பு வராத பிள்ளைகள் உண்டு. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதுமான அளவு சுரக்காத பிள்ளைகளும் உண்டு. அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் நனைத்தவர் என்றால் பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பாதி வெட்கம் போய்விடும்.

என் அக்கா மகனுக்கு 8 வயது, தினமும் படுக்கை ஈரம். மருத்துவர் கேட்டது பகலைப் பற்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் அளவுக் குவளையில் பிடித்து எழுதினோம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு தோராயமாக மில்லிலிட்டரில் கிடைக்கும். அவனுக்கு 270 இருக்க வேண்டும். 150-ஐத் தாண்டவே இல்லை.

பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க அடக்கிவைத்து, வீட்டுக்கு வந்ததும் மடமடவென்று குடிப்பான். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிப்பான், அதுவும் இறுகி. நாங்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அது நிறைந்து கிடந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தி, விரிய விடாது.

மலத்தை இளக்க மருத்துவர் மருந்து கொடுத்தார். தண்ணீரில் பெரும்பகுதியைக் காலையிலும் மதியமும் குடிக்கவைத்தோம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரம் இல்லாவிட்டாலும், போய்வரச் சொன்னோம். இரண்டு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு இரவாகக் குறைந்தது.

மிச்சத்துக்கு அலாரம். உள்ளாடையில் ஈரம் பட்டதும் அடிக்கும். ஆரம்பத்தில் பிள்ளை எழுந்திருக்காது; பெரியவர்கள்தான் எழுந்து அவனை நன்றாக விழிக்கவைத்துக் கழிப்பறைக்கு நடக்கவிட வேண்டும். இரண்டே வாரத்தில் "இது வேலை செய்யல" என்று தூக்கிப்போடுவது பலர் செய்யும் தவறு. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போவதால் அன்றைக்கு மெத்தை தப்பும், ஆனால் தானாக விழித்துக்கொள்ளப் பிள்ளை பழகாது.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மனக்கலக்கமோ சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருக்கலாம். கூடவே அடங்காத தாகமும் உடல் இளைப்பும் இருந்தால், அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும்.