பதிவுத் திருமண மேடையில் நண்பராகப் பேசுகிறீர்களா?

இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: "என்ன வாக்குக் கொடுக்கிறாய்?" என் தோழி "கஷ்டத்தில் கூடவே இருப்பேன்" என்றாள். அப்படியென்றால் என்ன என்று விடாமல் கேட்டேன். "வேலை போனால் முதலில் அவரிடம்தான் சொல்வேன், மறைக்கமாட்டேன்" என்றாள். அதைத்தான், அவள் சம்மதத்தோடு, மேடையில் சொன்னேன். அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சை உறுதிமொழிக்கு முன்பே முடித்துவிடுங்கள். எதற்குச் சம்மதிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் அப்போதுதான் புரியும். மூன்று நிமிடம் போதும்.

ஒரு எச்சரிக்கை: பல நாடுகளில் "கணவனாக, மனைவியாக ஏற்கிறேன்" என்ற வாசகத்தைச் சட்டமே வகுத்திருக்கிறது. அதை அழகுபடுத்தி மாற்றாதீர்கள். பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டு, தனித்தாளில் எழுதி, இருவரையும் அப்படியே சொல்லவையுங்கள்.